ஆண்டு என்ற கட்டம்

எங்கள் கல்லூரிப் பேருந்தை ஓட்டியவருக்குக் காலையில் எங்களை இறக்கிவிட்ட பிறகு மாலை வரை வேலை கிடையாது. மற்ற ஓட்டுநர்கள் ஷெட்டில் சீட்டாடுவார்கள், அல்லது பேருந்தின் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார்கள். இவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஷெட்டுக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் அதற்குக் கீழே உட்கார்ந்து படிக்க அவரால்தான் முடியும் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்லூரி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருந்தது. நான் அங்கே நூலகராகச் சேர்ந்த காலத்தில் சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் பூந்தமல்லியில் ஏறுவேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எனக்குப் பேருந்தில் தூக்கம் வராது. அதனால் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டு வருவது வழக்கமாயிற்று. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஊர் வடக்குப்பட்டு. நான் அவரை அண்ணா என்பேன். அவர் முதலில் மேடம் என்றார். சில மாதங்களில் அது ‘ம்மா’ ஆனது.

ஒருநாள் அவராகவே கேட்டார்.

“ஏம்மா, லைப்ரரில டிரைவருங்கலாம் வந்து குந்தலாமா?”

“ஸ்டூடன்ட்ஸுக்கும் ஸ்டாஃபுக்கும்தான் அண்ணா ரூல். ஏன்?”

“இல்ல, வூட்ல புக்கு கீது, ஒரு ரூமு ஃபுல்லா. பசங்க அந்த ரூம வாடகைக்கு விட்றலான்றாங்க. திருநெல்வேலி பக்கத்துப் பசங்க நாலு பேரு, கார் கம்பெனில வேல, வந்து கேட்டுக்கினே கீறாங்க. புக்க காலேஜுக்கு குடுத்துட்டா, நான் மத்தியானம் வந்து படிச்சிக்கலாமேன்னு.”

அப்போதிருந்த முதல்வர் தமிழில் ஆர்வம் உள்ளவர். நான் போய்ச் சொன்னதும், நன்கொடையாளர் என்று அவருக்கு ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் புத்தகங்கள் அதே பேருந்தில், அரிசி மூட்டைச் சாக்குகளில் வந்து இறங்கின. சுமார் நானூறு இருக்கும். சரித்திர நாவல்கள், மாத நாவல்கள், பயண நூல்கள், சித்த மருத்துவம், மோட்டார் மெக்கானிசம் பற்றி ஒன்றிரண்டு. கவிதை ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, “வரிய பாதில ஒடச்சிட்டு போயிடுறானுங்கம்மா, எனக்கு அது ஒத்துக்கல” என்றார்.

சாக்குகளோடு ஒரு பட்டியலும் வந்தது. அக்கம்பக்கத்தார் புத்தகங்களை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராததால், பல வருடங்களுக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து, எல்லாவற்றையும் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நீளத்தாள்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி. வரிசை எண்ணுக்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். எங்கே ஆசிரியர் முடிகிறார், எங்கே தலைப்பு ஆரம்பிக்கிறது என்பது சில வரிகளில் படித்தால்தான் புரியும். கடைசியில் அவருடைய வீட்டு இடக்குறிப்பு இருக்கும்: மரபீரோ மேல்தட்டு, இரும்பு பீரோ நடுத்தட்டு, பரண்.

அந்த ஓட்டத்தை ஐந்து கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, அலமாரி எண். எக்செல் தாளில் இந்த ஐந்து பத்திகளையும் நிரப்பி, நூலக மென்பொருளில் ஏற்றிவிட்டால் கணினியில் எந்தப் பெயரைத் தேடினாலும் புத்தகம் எங்கே இருக்கிறது என்று வந்துவிடும். பல்கலைக்கழக ஆய்வுக் குழு அந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்பதை அவர்கள் கணினியில்தான் பார்ப்பார்கள். கல்லூரியின் சொந்தப் புத்தகங்களே இன்னும் முழுதாக ஏறவில்லை. அவற்றோடு இதையும் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவர் மதியத்தில் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசிப்பார். நான் அடிப்பேன். இருவருமாகச் செய்தால் சீக்கிரம் ஆனது. ஆனால் அடிக்கடி நின்றது.

ஆசிரியர் பெயரைத் தாளில் இருக்கிறபடி இனிஷியலோடு ஆரம்பித்தால், அகரவரிசைப்படுத்தும்போது ஒரே இனிஷியல் உள்ளவர்களெல்லாம் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அதனால் பெயரை முன்னால் போட்டு, கமா வைத்து, இனிஷியலைப் பின்னால் போட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“அப்பன் பேர பின்னால தள்ளிட்டியேம்மா.”

“தேடுறவங்களுக்கு அண்ணா. இவரத் தேடுறவங்க இனிஷியல வெச்சா தேடுவாங்க?”

“அதுவும் சரிதான்” என்று கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அதன்பிறகு அவரே புரட்டிப்போட்டு வாசிக்க ஆரம்பித்தார். பெயர், ஒரு நிறுத்தம், இனிஷியல்.

பட்டியலில் தவறுகளும் இருந்தன. மொழிபெயர்ப்பாளரை ஆசிரியர் என்று போட்டிருந்தார். ‘விற்பனை உரிமை’ என்று அட்டையில் இருந்த கடையின் பெயரைப் பதிப்பகமாக எழுதியிருந்தார். ஒரு நாவலின் மூன்று பாகங்களில் இரண்டாவது பாகம் பட்டியலில் இருந்தது, சாக்கில் இல்லை. “மச்சான் எட்த்துகினு போனவன் தரவேல்ல” என்றார். அந்த வரியை அடிக்காமல் விட்டேன். கடைசிக் கட்டத்தில் மரபீரோவையும் பரணையும் எடுத்துவிட்டு, நூலகத்தில் ஒதுக்கியிருந்த மூன்று அலமாரிகளின் எண்ணையும் தட்டு எண்ணையும் போட்டேன். அது மட்டும் ரொம்பக் கவனமாகச் செய்தேன். ஒவ்வொரு தட்டாக அடுக்கி, முதுகில் சீட்டு ஒட்டி, திரும்பச் சரிபார்த்தேன். அலமாரி எண் தவறினால் புத்தகம் காணாமல் போனதற்குச் சமம் என்று படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

சிக்கல் ஆண்டில் வந்தது.

பாதிக்கு மேற்பட்ட வரிகளில் ஆண்டே இல்லை. டைப் அடித்துக் கொடுத்தபோது அது தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. சிலவற்றில் 2030, 2032 என்று இருந்தது.

“இன்னாம்மா இது, இன்னும் பொறக்காத புக்கா?” என்று சிரித்தார்.

திருவள்ளுவர் ஆண்டு, முப்பத்தொன்றைக் கழித்தால் நம் வருடம் வந்துவிடும் என்று விளக்கினேன். கழித்துக் கழித்து வாசிப்பது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. ஆனால் வெற்று வரிகளுக்குக் கழிக்க எதுவும் இல்லை. மென்பொருளோ, ஆண்டுக் கட்டத்தில் நான்கு இலக்கம் இல்லாவிட்டால் அந்த வரியையே ஏற்றுக்கொள்ளாமல் திருப்பியது.

“புக்குலயே போட்ருப்பாங்களே. நான் போயி ஒண்ணொண்ணா எட்த்தாரேன், நீ பாத்து போட்டுக்கோ” என்று எழுந்தார்.

அலமாரிகள் என் மேசையிலிருந்து எழுந்து போய் எடுத்துவரும் தூரத்தில்தான் இருந்தன. இரண்டு மதியம், மிஞ்சினால் மூன்று மதியம் ஆகியிருக்கும். ஆனால் எனக்கு அன்றைக்குத் தலைவலி. முதல்வர் அலுவலகத்திலிருந்து காலையிலேயே இரண்டு முறை ஆள் வந்துபோயிருந்தது. கல்லூரியின் பாடநூல்கள் வேறு பாக்கி.

“இருக்கட்டும் அண்ணா. இப்போதைக்கு ஏதாவது போட்டு ஏத்திடுறேன். அப்புறமா மாத்திக்கலாம்.”

முதல் வெற்றுக் கட்டத்தில் 1900 என்று அடித்தேன். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வரிசையாக 1900, 1900 என்று நிரம்பிக்கொண்டே போனது. இடையிடையே ஆண்டு இருந்த வரிகள்மீதும் இழுபட்டது. அதைக் கவனித்தேன். எப்படியும் அப்புறம் மாற்றத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“தொள்ளாயிரமா? அதுல பாதி நான் பஸ் ஓட்ட வந்தப்புறம் வாங்கினதும்மா.”

“சும்மா ஒரு நம்பர் அண்ணா. யாரு பாக்கப் போறாங்க?”

அவர் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தார்.

ஆய்வுக் குழு வந்தது, எண்ணிக்கையைப் பார்த்தது, போனது. அதன்பிறகு மதியங்களில் அவர் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தன் புத்தகங்களைத் தானே அட்டையில் பதிந்து வாங்கிப் படித்தார். சில நாட்களில் படித்துக்கொண்டே தூங்கிவிடுவார். குறட்டை பெரிதானால் நான் போய் மேசையைத் தட்டுவேன். மாணவிகள் அவர் அலமாரியிலிருந்து நாவல்களை எடுத்துப் போனார்கள். யார் எதை எடுத்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார். பேருந்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தால், “முடிவு தெரிஞ்சிதா? சொல்லாத, எனக்கு மறந்துடுச்சி, திரும்பப் படிக்கணும்” என்பார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 1900 அப்படியே இருந்தது. நடுவில் அந்தப் பழைய முதல்வர் ஓய்வு பெற்றார். எனக்குத் திருமணமானது. ஆண்டுகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற நினைப்பு எப்போதாவது வரும். கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவேன். கோடை விடுமுறையில் வேறு வேலை வந்துவிடும்.

பிரசவ விடுப்பில் போவதற்கு முன்பு புதிய முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நூலகத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கம்ப்யூட்டர்கள் போட்டு டிஜிட்டல் லைப்ரரி ஆக்கப்போவதாகச் சொன்னார்.

“பழைய சிலபஸ் புக்ஸ் எல்லாம் எடத்த அடைச்சிட்டு இருக்கு. அவுட்டேட்டட் எல்லாம் ரிமூவ் பண்ணிடலாம்னு இருக்கோம். நீங்க லீவுல இருக்கும்போது உங்க அசிஸ்டன்ட் பாத்துப்பாங்க. டேட்டாபேஸ் எல்லாம் கரெக்டா இருக்கில்ல?”

அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டுக் கட்டம் மனதில் வந்தது. பத்தி முழுக்க ஒரே எண். ஆனால் ஆறு மாத வயிற்றோடு நின்றுகொண்டு, இல்லை சார், இரண்டு வருடமாக ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு, அவர் பேசுவது பாடநூல்களைப் பற்றித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“கரெக்டா இருக்கு சார்” என்றேன்.

குழந்தை பிறந்து, அம்மா வீட்டில் இருந்துவிட்டு, சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்த முதல் நாள் பூந்தமல்லியில் அதே பேருந்து வந்து நின்றது. ஏறினேன்.

“வாங்க மேடம்” என்றார்.

ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பதால் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்து, குழந்தை பெண் என்று சொன்னேன். “சந்தோசம் மேடம்” என்றார். செம்பரம்பாக்கம் தாண்டியும் அவர் வேறெதுவும் பேசவில்லை. சாலையில் லாரிகள் அதிகம், அதில் கவனமாக இருக்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

நூலகத்துக்குள் போனதும் ஜன்னல் பக்கம் வெளிச்சமாக இருந்தது. அங்கே இருந்த அலமாரிகள் இல்லை. புது மேசைகளில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. அவருடைய மூன்று அலமாரிகளில் ஒன்று மட்டும் சுவரோரம் தள்ளப்பட்டு, அதில் பழைய கேள்வித்தாள் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.

என் உதவியாளர் நல்ல பெண். சுங்குவார்சத்திரத்திலிருந்து வருபவள். “தமிழ் டொனேஷன் புக்ஸ் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ரிமூவ் பண்ணியாச்சே மேடம். லிஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. தொண்ணூத்தஞ்சுக்கு முன்னாடி பப்ளிஷ் ஆனது எல்லாம்.”

“அதெல்லாம் பாடப்புத்தகம் இல்லையே?”

“இயர் வெச்சிதான் எடுக்கச் சொன்னாங்க மேடம். எனக்கே டவுட்டா இருந்திச்சி. ஆனா நீங்க என்ட்ரி பண்ணதாச்சே, கரெக்டாதான் இருக்கும்னு...” அவள் முகம் மாறியது. “தப்பா மேடம்?”

கோப்பிலிருந்து அந்த அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, அலமாரி எண். பெயரும் கமாவும் இனிஷியலும் நான் போட்டபடியே. ஆண்டுக்குக் கீழே பக்கம் பக்கமாக 1900. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பச்சை மையில் ஒரு டிக். அலமாரி எண் சரியாக இருந்ததால் எடுத்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது. தட்டைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, ஒன்று விடாமல் எடுத்திருக்கிறார்கள்.

“எங்க போச்சு?”

“சுங்குவார்சத்திரத்துல பேப்பர் கடைக்கு மேடம். நம்ம பூந்தமல்லி ரூட் பஸ்லதான் ஏத்தி அனுப்பினாங்க. மத்தியானம் அது சும்மாதானே நிக்குது.”

மதிய உணவு இடைவேளையில் ஷெட்டுக்குப் போனேன். அவர் தனியாக, பேருந்தின் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் எழுந்து நிற்க மாட்டார்.

“அண்ணா, எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் பாத்தேன்.”

அவர் படியை விட்டு ஒதுங்கி நின்றார்.

“நான் அன்னைக்கு 1900னு போட்டேனே, அதனாலதான். அத வெச்சிப் பழசுன்னு எடுத்துட்டாங்க. தப்பு என்னுதுதான்.”

“ஓ” என்றார். “நம்பர வெச்சா எட்த்தாங்க? நான் வேற நெனச்சேன்.”

“என்ன நெனச்சீங்க?”

“டிரான்ஸ்போர்ட் மேனேஜராண்ட கேட்டேன். லைப்ரரி மேடம் லிஸ்ட்டுன்னாரு. சரி, புது பிரின்ஸ்பால் வந்துட்டாரு, தமிழ் புக்கு வாணான்னு முடிவு பண்ணிக்கிறாங்க போல, நீங்களே சொல்லிட்டுப் போயிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணா. நம்பர் உங்ககிட்ட இருக்கே.”

“போன எட்த்தேன். கொழந்த பொறந்து நாலு நாளுன்னு சொன்னாங்க. பச்ச ஒடம்புக்காரிக்கு இத்தப் போயி போன் பண்ணி சொல்றதான்னு வெச்சிட்டேன்.”

நான் அழுதுவிட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். யாராவது பார்த்து, டிரைவர் மேடத்தை ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“நீங்களே ஓட்டிட்டுப் போனீங்களா?”

“ட்யூட்டி போட்டா போவணும்ல. கட்டு கட்டி கீறாங்க, ஏத்துறப்பவே முதுகுல சீட்டு தெர்ஞ்சிது.”

“ரெண்டு மூணாவது எடுத்து வெச்சிருக்கலாமே.”

“எப்பிடி எட்க்கிறது? கையெழுத்து போட்டுக் குட்த்துட்டேன். காலேஜு பொருளு. டிரைவரு எட்த்துகினு போனான்னு ஒரு பேச்சு வந்தா?”

அன்று மாலை மற்றவர்களை இறக்கிவிட்ட பிறகு அந்தப் பேப்பர் கடைக்குப் போக முடியாது, பேருந்து பூந்தமல்லியிலிருந்து திரும்பி வர வேண்டும். அதனால் மறுநாள் மதியம் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவரையும் வரச்சொல்லி, என் உதவியாளரின் ஊரில் இருந்த அந்தக் கடைக்கு ஆட்டோவில் போனோம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், டீக்கடைகளுக்கும் ஒரு லாட்ஜுக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரருக்கு நினைவிருந்தது.

“காலேஜ் லோடா? அது மில்லுக்குப் போயி நாளாச்சேம்மா. கத புக்கு மட்டும் தனியா வெச்சேன். கம்பெனி பசங்க வந்து எட்த்துகினு போயிட்டாங்க. ஷிஃப்ட் வண்டி வர்ற வரைக்கும் நிக்கிறாங்கல்ல, வாங்கிப் படிப்பாங்க. இன்னும் கொஞ்சம் கீது, பாருங்க.”

தராசுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவில் எங்கள் சீட்டு ஒட்டிய புத்தகங்கள் கொஞ்சம் கிடைத்தன. சித்த மருத்துவம் ஒன்று, பயண நூல்கள் சில, அட்டை கிழிந்த ஒரு நாவலின் மூன்றாவது பாகம். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் திருப்பினேன். எல்லாவற்றிலும் ஆண்டு அச்சாகியிருந்தது. முதற்பதிப்பு இது, இரண்டாம் பதிப்பு இது என்று தெளிவாக. பெரும்பாலானவை தொண்ணூற்றைந்துக்குப் பிறகு வந்தவை. புத்தகத்தைத் திறந்தால் போதும், கண்ணில் பட்டிருக்கும்.

“இதை நான் மறுபடி ஏத்திடுறேன் அண்ணா. ஒரு தட்டாவது உங்க பேர்ல இருக்கட்டும்” என்றேன்.

“வாணாம் மேடம்” என்றார். கோபம் இல்லை. கூப்பிட்டும் பந்தியில் உட்காராமல் கிளம்புகிறவர் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். “காலேஜு வித்துட்ச்சி. இத நான் இவராண்ட வாங்கிக்கிறேன். வூட்ல ஒரு ஓரமா வெச்சிக்கிறேன்.”

அவரே காசு கொடுத்து வாங்கினார். நான் கொடுக்கப்போனதைத் தடுத்துவிட்டார். தன் புத்தகங்களைத் தானே பழைய பேப்பர் கடையில் வாங்கி, அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல்வரிடமும் போய்ச் சொன்னேன். தவறு என்னுடையது, உதவியாளருடையது அல்ல, ஆண்டுகள் பொய்யாக நிரப்பப்பட்டிருந்தன, நீங்கள் கேட்டபோதும் மறைத்தேன் என்று. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, “தமிழ் நாவல்தானே? சிலபஸ்ல இல்லாதது. அதுக்கு ஏன் இவ்வளவு ஃபீல் பண்றீங்க? எப்படியும் எடம் வேணும். நெக்ஸ்ட் டைம் பாத்துக்கோங்க” என்றார். வெளியே வரும்போது, எனக்குச் சம்பள உயர்வுக் கடிதம் வந்திருப்பதாகவும் அதை மறுநாள் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார்.

மன்னிக்க உரிமையில்லாதவர் மன்னித்துவிட்டார். உரிமையுள்ளவர் என்னைத் திட்டக்கூட இல்லை. தினமும் காலையில் அவர் பின்னால்தான் உட்கார வேண்டும். சில நாட்கள் பேருந்தின் நடுவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் மாணவிகள், இப்போது நூலகத்தில் கதைப் புத்தகமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பழைய இருக்கைக்கே திரும்பினேன். நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். லாரி, மழை, ஒரகடம் பாலத்து வேலை. புத்தகப் பேச்சு மட்டும் வரவே இல்லை. நூலகத்துக்கும் வருவதில்லை. உறுப்பினர் அட்டை செல்லும் என்று ஒருமுறை சொன்னேன். “டயம் கெடைக்க மாட்டேங்குது மேடம்” என்றார். ஷெட்டில் அவர் சீட்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளில் மிச்சமிருந்த வரிகளை அந்த வருடம் முழுவதும் சரிசெய்தேன். துறை நூலகங்களில் இருந்ததால் கழிவுப் பட்டியலில் சேராத கல்லூரிப் புத்தகங்களிலும் நானே இழுத்துவிட்ட 1900 பல இடங்களில் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து வந்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து அடித்தேன். எங்குமே ஆண்டு இல்லாத புத்தகங்களும் இருந்தன. அவற்றுக்காக, ஆண்டுக் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்ற முடியுமா என்று மென்பொருள்காரரிடம் போனில் கேட்டேன். அவர் அங்கிருந்தபடியே ஒரு டிக்கை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெற்றுக் கட்டத்தோடு வரி ஏறியது. அன்றைக்கே ஒரு போன் செய்திருந்தால் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெகுநேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் வந்து, “என்ன மேடம், குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் அவர் வேலையை விட்டார். தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வண்டி ஓட்டப் போவதாகவும், அங்கே ஓ.டி. உண்டு என்றும் பேருந்தில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் அவர் சொல்லவில்லை. வேலையை விடுகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதற்காக ஒரு மதியம் நூலகத்துக்கு வந்தார். கம்ப்யூட்டர்கள் வைத்த ஜன்னல் பக்கம் அவர் பார்க்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அவருடைய உறுப்பினர் எண்ணை அடித்தேன். ஒரு புத்தகம் அவர் பெயரில் நிலுவை என்று வந்தது. அவருடைய அலமாரியிலிருந்து அவரே வாங்கிப் போனது. நான் விடுப்பில் போன மாதத்தில் பதிந்திருந்தது. கழிவுப் பட்டியல் எடுத்தபோது வெளியே இருந்ததால் தப்பித்திருக்கிறது.

நான் சொல்வதற்குள் அவரே பையிலிருந்து அதை எடுத்து வைத்தார்.

“அண்ணா, இது உங்களுதுதான். நீங்களே வெச்சிக்கோங்க. நான் தொலைஞ்சதா எழுதிடுறேன். யாரும் கேக்க மாட்டாங்க.”

“தொலையலையே” என்றார். “கீதுல்ல.”

“அண்ணா...”

“வூட்ல எடமில்ல மேடம். பின்னாடியும் ரூம் போட்டாச்சி. அந்தப் பேப்பர் கடைல வாங்கினத்தையே பரண்ல போட்டு வெச்சிகீறேன்.” பிறகு, புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “இங்க இருந்தா யாருனா படிப்பாங்க” என்றார்.

புத்தகத்தைத் திருப்பி வாங்கியதாகப் பதிந்தேன். தாளில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஷெட்டில் ஒருமுறை தவறு என்னுடையது என்றுதான் சொன்னேனே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அதற்குள் முதலாமாண்டு மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்து புத்தகங்களை மேசையில் வைத்தார்கள்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“பாப்பா நடக்குதா?”

“ஓடுறா அண்ணா. பிடிக்க முடியல.”

“நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாணவர்களின் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பதிந்துகொண்டிருந்தேன். கதவு வரைக்காவது எழுந்து போயிருக்கலாம் என்று, அவர் போன பிறகு நினைத்தேன்.